புரதம் முடிவானபின் மிச்சக் கலோரி: மாச்சத்துக்கு எவ்வளவு, கொழுப்புக்கு எவ்வளவு?

புரதத்தைக் கணக்குப் போட்டுவிட்டேன். மிச்சக் கலோரியை எப்படிப் பிரிப்பது?

முதலில் கொழுப்புக்கு ஓர் அடிமட்டம் வையுங்கள். அதற்குமேல் மிஞ்சுவது எல்லாம் மாச்சத்துக்கு. இந்த வரிசை மாறாமல் இருந்தால் போதும்.

70 கிலோ எடையுள்ள ஒருவர், வாரத்தில் நான்கு மாலை ஜிம்முக்குப் போகிறார், பகலில் கடையில் நிற்கிறார் என்று வைப்போம். எடை ஏறாமல் இறங்காமல் நிற்க அவருக்கு 2500 கலோரி தேவைப்படுகிறது. புரதம் 125 கிராம் என்று முடிவு செய்திருக்கிறார், அது 500 கலோரி. மிச்சம் 2000. உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராம் கொழுப்பு வைத்தால் 70 கிராம். ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி என்பதால் 630 கலோரி போய்விடும். மிஞ்சும் 1370 கலோரியை 4 ஆல் வகுத்தால் 342 கிராம் மாச்சத்து.

கொழுப்பைக் கிலோவுக்கு 0.8 கிராமாகக் குறைத்தால் 56 கிராம், அப்போது மாச்சத்து 374 ஆகும். இரண்டுக்கும் நடுவே எங்கே நின்றாலும் அவருடைய தசைக்கு வித்தியாசம் தெரியாது. இந்த ஒரு மாற்றுவிகிதத்தை மட்டும் மனதில் வையுங்கள்: 20 கிராம் கொழுப்பு 180 கலோரி, அதே கலோரிக்கு 45 கிராம் மாச்சத்து. பின்னால் வரும் எல்லாக் கணக்கும் இதில்தான் ஓடுகிறது.

ஏன் கொழுப்பை முதலில் வைக்க வேண்டும்? சோறுதானே எங்களுக்கு முக்கியம்?

கொழுப்பு இல்லாமல் உடலால் ஓட்ட முடியாத வேலைகள் சில உண்டு. லினோலெயிக், ஒமேகா-3 போன்ற கொழுப்பமிலங்களை உடல் தானாகச் செய்துகொள்ளாது, சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். ஏ, டி, ஈ, கே உயிர்ச்சத்துகள் குடலில் உறிஞ்சப்படக் கொழுப்பு கூட இருக்க வேண்டும். கொழுப்பை மிகவும் குறைத்த ஆண்களில் டெஸ்டொஸ்டிரோன் கொஞ்சம் இறங்குவதும் ஆய்வுகளில் தெரிந்த விடயம். இவற்றுக்கெல்லாம் பெரிய அளவு தேவையில்லை, ஆனால் ஓர் அளவு வேண்டும். அந்த அளவைத் தாண்டியபின் இன்னும் கொழுப்பைக் கூட்டுவதால் பாரம் தூக்குபவருக்குத் தனியாக ஒரு நன்மையும் இல்லை.

மாச்சத்து வேறு மாதிரி. அதற்கு அப்படி ஒரு கட்டாய அடிமட்டம் இல்லை, ஆனால் கூடக்கூடக் கடினமான செட்களைச் செய்யும் தெம்பு கூடும். எட்டு, பத்து, பன்னிரண்டு ரெப் போகும் செட்டில் தசை எரிப்பது பெரும்பாலும் மாச்சத்திலிருந்து செய்து தன்னுள்ளே சேர்த்து வைத்திருக்கும் கிளைக்கோஜனைத்தான். கொழுப்பிலிருந்து அந்த வேகத்தில் சக்தி எடுக்க முடியாது. ஆகவே கொழுப்புக்கு அதன் தேவையைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை வேலைக்கு உதவுகிற பக்கம் தள்ளுகிறோம்.

எல்லோருக்கும் ஒரே அளவு மாச்சத்து தேவை என்றும் சொல்ல மாட்டேன். மூன்று ரெப், ஐந்து நிமிட ஓய்வு, மொத்தமே பத்துப் பன்னிரண்டு செட் என்று பயிற்சி செய்பவர் குறைந்த மாச்சத்திலும் சமாளிப்பார். காலுக்கு மட்டும் பதினாறு செட் போடுபவர் சமாளிக்க மாட்டார்.

40-30-30 என்று சதவீதத்தில் பிரிக்கச் சொல்கிறார்களே?

கணக்குச் சுலபம் என்பதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. 30 சதவீதம் கொழுப்பு என்றால் 2000 கலோரி சாப்பிடும்போது 67 கிராம், 3000 சாப்பிடும்போது 100 கிராம். அதே ஆள், அதே உடம்பு. அவருடைய கொழுப்புத் தேவை ஏன் ஒன்றரை மடங்காக வேண்டும்? கிராமில் எழுதுங்கள்.

நான் எண்ணெய்ச் சாப்பாடு அதிகம் சாப்பிடுவதில்லை. என் கொழுப்புக் குறைவாகத்தானே இருக்கும்?

யாழ்ப்பாணத்து வீட்டில் இருந்துகொண்டு இதைச் சொல்பவர்கள் நிறையப் பேர். பொரியலைத் தொடுவதில்லை, ரோல்ஸ் வாங்குவதில்லை, ஆகவே கொழுப்பு இல்லை என்ற நினைப்பு. எங்கள் சாப்பாட்டில் கொழுப்பு பெரும்பாலும் எண்ணெய்ப் போத்தலிலிருந்து வருவதில்லை, தேங்காயிலிருந்து வருகிறது. துருவிய தேங்காய்ப்பூ 100 கிராமில் ஏறத்தாழ 33 கிராம் கொழுப்பு இருக்கிறது.

மேலே சொன்ன 70 கிலோ ஆளின் சாதாரண நாள் ஒன்றைப் பார்ப்போம். காலையில் புட்டு, அதில் 50 கிராம் தேங்காய்ப்பூ: 17 கிராம் கொழுப்பு. இரவு இடியப்பத்துக்குச் சம்பல், 30 கிராம் தேங்காய்ப்பூ: 10 கிராம். மதியக் கறிகளிலும் இரவுச் சொதியிலும் போன தேங்காய்ப்பாலில் அவருடைய பங்கு: 20 கிராம். தாளிதம், மீன் பொரித்த எண்ணெய்: 15. முட்டை மூன்று: 15. இரண்டு வேளை பால்தேநீருக்குப் போட்ட 30 கிராம் பால்மா: 8. மீனிலேயே உள்ளது: 8. அரிசி, மா, பருப்பில் ஒளிந்திருப்பது: 6. கூட்டினால் 99 கிராம் வருகிறது. அதில் 47 கிராம் தேங்காய்.

இவர் ஒரு வடையோ பற்றீஸோ தொடவில்லை என்பதைக் கவனியுங்கள். அடிமட்டத்துக்குமேல் 30 கிராம் கூடுதல், அதாவது 270 கலோரி. மாச்சத்தை 342 கிராம் என்று சரியாக நிறுத்துச் சாப்பிட்டுவிட்டு இந்த 30 கிராமைக் கணக்கில் எடுக்காவிட்டால், வாரத்துக்கு ஏறக்குறைய 1900 கலோரி கூடும். எடை அசையாமல் நிற்க வேண்டியவர் வாரம் கால் கிலோ போல ஏறிக்கொண்டிருப்பார். அப்போது பழி சோற்றின்மேல் விழும், சோற்றைக் குறைப்பார், பயிற்சி மந்தமாகும்.

தேங்காய்ப்பூவை ஒரு வாரத்துக்காவது சமையல் தராசில் நிறுத்துப் பாருங்கள். அதற்குப்பின் கண்ணே அளந்துகொள்ளும். தேங்காய்ப்பாலைத் திருத்தமாக அளப்பது கடினம். முதற்பாலுக்கும் இரண்டாம் பாலுக்கும் இடையே கொழுப்பில் பெரிய வித்தியாசம், பிழியும் கையையும் பொறுத்தது. முழுக்குடும்பத்துக்கும் எவ்வளவு தேங்காய் பிழியப்பட்டது, அதில் என் பங்கு எத்தனையில் ஒன்று என்று உத்தேசமாகப் பிரித்தால் போதும்.

அப்படியென்றால் நாளைக்கு 100 கிராம் கொழுப்பு பிழையா?

எடை ஏற்றும் காலத்திலும் நிலையாக வைத்திருக்கும் காலத்திலும் பெரிய பிழை இல்லை. அவர் 100 கிராம் கொழுப்பை அப்படியே வைத்துக்கொண்டு மாச்சத்தைக் குறைத்தால், 342 இலிருந்து 275 ஆகும். அது இன்னும் கிலோவுக்கு 3.9 கிராம். வாரம் நான்கு நாள் ஒரு மணித்தியாலம் பாரம் தூக்க அது தாராளம். கலோரியும் புரதமும் சமமாக இருந்தால், மாச்சத்து கூடிய சாப்பாட்டுக்கும் கொழுப்பு கூடிய சாப்பாட்டுக்கும் உடற்கொழுப்பு ஏறுவதிலோ இறங்குவதிலோ சொல்லும்படி வித்தியாசம் இல்லை. (தேங்காயின் கொழுப்பு எந்த வகை என்பது வேறு பிரச்சினை, அதற்குப் பிறகு வருகிறேன்.)

சிக்கல் எடை குறைக்கும்போதுதான் வருகிறது. இதே ஆள் 2000 கலோரிக்கு இறங்குகிறார். தசை கரையாமல் இருக்கப் புரதத்தை 150 கிராமாகக் கூட்டுகிறார், அது 600 கலோரி. மிச்சம் 1400 மட்டும். வீட்டுச் சமையல் மாறவில்லை, கொழுப்பு அதே 100 கிராம், அதாவது 900 கலோரி. மாச்சத்துக்கு மிஞ்சுவது 500 கலோரி, 125 கிராம். கிலோவுக்கு 1.8 கிராம்கூட இல்லை. ஏற்கெனவே கலோரி குறைவு, அதற்குமேல் கிளைக்கோஜனும் நிரம்பவில்லை என்றால் காலுக்குப் பயிற்சி செய்யும் நாளன்று மூன்றாவது செட்டிலேயே ஆள் இருந்துவிடுவார்.

அவரே கொழுப்பை 55 கிராமுக்குக் கொண்டுவந்தால் 495 கலோரி. மாச்சத்து 226 கிராம், கிலோவுக்கு 3.2. இரண்டுக்கும் நடுவே 100 கிராம் மாச்சத்து வித்தியாசம். அது ஏறத்தாழ 130 கிராம் அரிசியின் சோறு, ஒரு நல்ல மதியச் சாப்பாட்டின் சோறு முழுவதும். ஒரே 2000 கலோரியில் ஒருவர் மதியம் வயிறாரச் சோறு சாப்பிடுகிறார், மற்றவர் அந்தச் சோற்றைத் தேங்காய்க்குக் கொடுத்துவிட்டுத் தூங்கி வழிகிறார்.

அதனால் நான் சொல்வது: எடை ஏற்றும்போது இந்தப் பிரிப்பைப் பற்றி அதிகம் யோசிக்காதீர்கள். குறைக்கும்போது தராசை வெளியே எடுங்கள்.

வீட்டில் அம்மா சமைக்கிறா. எனக்கென்று தனிச்சமையல் கேட்க முடியாது. 55 கிராமுக்கு எப்படி வருவது?

தனிச்சமையல் தேவையில்லை, தனிக் கோப்பை போதும். 55 கிராமை இப்படிப் பிரியுங்கள்: முட்டை மூன்றில் 15, மீனில் 8, அரிசி மா பருப்பில் 6, எண்ணெயில் 10. மிஞ்சுவது 16. அது முழுவதும் தேங்காய்க்கு, ஏறத்தாழ 45 கிராம் தேங்காய்ப்பூ அளவு. பால்மா முழு ஆடையுள்ளதாக இருந்தால் கொழுப்பு நீக்கியதற்கு மாறுங்கள், இல்லாவிட்டால் வெறும் தேத்தண்ணி.

அந்த 45 கிராமை எங்கே செலவழிப்பது என்பது உங்கள் விருப்பம். புட்டில் தேங்காயைக் கைவிட்டால் புட்டு தொண்டையில் இறங்காது, ஆகவே நான் என்றால் அங்கே 25 கிராம் வைப்பேன். மிச்சம் கறிக்கு. சொதியில் கிழங்கையும் மீனையும் அள்ளி, பாலைக் குறைவாக விடலாம். மீனைப் பொரிப்பதற்குமுன் உங்கள் துண்டுகளை மட்டும் புளி விட்ட குழம்பில் போடச் சொன்னால் அம்மாவுக்கும் வேலை கூடாது. சம்பலை ஒரு தேக்கரண்டியோடு நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் கடினம், அதற்கு என்னிடம் மருந்தில்லை.

கூழ் காய்ச்சும் நாள் உங்களுக்கு நல்ல நாள். ஒடியல் மாவில் மாச்சத்து, மீன், இறால், நண்டில் புரதம், தேங்காய்ப்பால் கிடையாது. எங்கள் சமையலில் கொழுப்பு இவ்வளவு குறைந்து வயிறு இவ்வளவு நிறையும் சாப்பாடு வேறு இல்லை என்றே சொல்வேன்.

மாச்சத்து போதவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வெறும் களைப்பாகவும் இருக்கலாமே?

முதல் செட்டைப் பார்க்காதீர்கள், கடைசிச் செட்களைப் பாருங்கள். கிளைக்கோஜன் குறைந்தவருக்கு முதல் கனமான செட் பெரும்பாலும் வழமைபோலவே போகும். பிறகு ரெப் வேகமாக விழும். 80 கிலோ ஸ்குவாட்டில் 10, 9, 9, 8 என்று போனவர் 10, 8, 6, 5 என்று எழுதத் தொடங்கினால் அது ஒரு தடயம். தூக்கமில்லாதவருக்கோ, உடம்பு ஆறாதவருக்கோ முதல் செட்டே பாரமாக இருக்கும். இது ஒன்றும் ஆய்வுகூடப் பரிசோதனை அல்ல, ஆனால் பயிற்சிக் கொப்பி எழுதுபவருக்கு நல்ல கைகாட்டி.

சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. கலோரியை மாற்றாமல் 20 கிராம் கொழுப்பை எடுத்துவிட்டு 45 கிராம் மாச்சத்தைச் சேருங்கள். இரண்டு வாரம் அப்படியே போகட்டும். பின்செட்கள் திரும்பி வந்தால் காரணம் அதுதான். வராவிட்டால் பிரச்சினை பிரிப்பில் இல்லை. மொத்தக் கலோரியோ, தூக்கமோ, செட்களின் எண்ணிக்கையோ என்று வேறு இடத்தில் தேடுங்கள்.

மாச்சத்தைக் கூட்டியதும் நாலு நாளில் ஒரு கிலோ ஏறிவிட்டது. கொழுப்புத்தானே?

இல்லை, பெரும்பாலும் தண்ணீர். ஒரு கிராம் கிளைக்கோஜன் தன்னோடு ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. தசையில் 250 கிராம் கூடுதலாகச் சேர்ந்தால் தராசில் ஒரு கிலோ காட்டும். மாச்சத்தைக் குறைத்த முதல் வாரத்தில் மளமளவென்று இறங்குவதும் இதேதான், அதை நம்பிச் சந்தோஷப்பட்டவர்கள் பலர். பிரிப்பை மாற்றிய முதல் பத்து நாள் எடையைக் கணக்கில் எடுக்காமல், அதற்குப் பிந்திய வாரச் சராசரிகளை ஒப்பிடுங்கள்.

கொழுப்பை இன்னும் குறைத்து 30 கிராமுக்குக் கொண்டுபோனால் இன்னும் சோறு சாப்பிடலாம்தானே?

70 கிலோ ஆளுக்கு 30 கிராம் என்பது கிலோவுக்கு 0.43. கிலோவுக்கு 0.6 என்பதை நான் தாண்டக்கூடாத கோடாக வைப்பேன், அதுவும் சில வாரங்களுக்கு மட்டும். கீழே போனால் சாப்பாடு ருசி இழக்கும், சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்திலேயே பசிக்கும், உடலுறவு ஆசை மங்கலாம். தோல் வறளவும் கூடும். எடையும் வேகமாக இறங்கிக்கொண்டு கொழுப்பும் மிகக் குறைவாக இருந்தால் பித்தப்பையில் கல் வரும் வாய்ப்பு கூடுகிறது. இத்தனைக்கும் கிடைப்பது 25 கிராம் கொழுப்புக்குப் பதில் 56 கிராம் மாச்சத்து. பெறுமதி இல்லாத வியாபாரம்.

பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போனால் அதைக் கொழுப்புக் குறைவு என்று மட்டும் நினைக்க வேண்டாம். பெரும்பாலும் மொத்தக் கலோரியே போதாமல் இருப்பதன் அடையாளம் அது, பிரிப்பை மாற்றிச் சரிசெய்ய முடியாது. கலோரியைக் கூட்டி, வைத்தியரைப் பார்க்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை சைவம். நல்லூர்த் திருவிழா வந்தால் 25 நாளும் சைவம். அப்போது என்ன செய்வது?

மீன் போய்ப் பருப்பு வந்ததும் புரதத்தோடு மாச்சத்தும் சேர்ந்து வருகிறது. 100 கிராம் மீனில் 20 கிராம் போலப் புரதம், மாச்சத்து இல்லை. அதே 20 கிராம் புரதத்துக்கு மைசூர்ப் பருப்பு 85 கிராம் வேண்டும், அதோடு 50 கிராம் மாச்சத்தும் வரும். சோற்றில் 65 கிராம் அரிசியைக் குறைத்தால் அது சரியாகிவிடும். இதைச் செய்யாமல் வழமையான சோற்றுக்குமேல் பருப்பைக் குவிப்பதால்தான் திருவிழா முடியும்போது இடுப்பு இறுகுகிறது.

சோயா மீற் வசதியானது. உலர்ந்த 100 கிராமில் ஏறத்தாழ 50 கிராம் புரதம், கொழுப்பு மிகக் குறைவு. ஆனால் அதைப் பொரித்து, முதற்பால் விட்டுப் பிரட்டும் வழக்கம் அந்த நன்மையைக் கரைத்துவிடும். தயிரும் கைகொடுக்கும். 25 நாளுக்குப் புரதம் கிலோவுக்கு 1.6 கிராம் வரை இறங்கினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

ஜிம்முக்கு முன் புட்டுச் சாப்பிடலாமா?

ஒரு மணித்தியாலத்துக்கு முன் என்றால் வேண்டாம். கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், தேங்காய்ப் புட்டு வயிற்றில் இருக்க ஸ்குவாட் செய்தால் அது மேலே வரப் பார்க்கும். இரண்டு கப்பல் வாழைப்பழமோ, சம்பல் இல்லாமல் கொஞ்சம் சொதி தொட்ட இடியப்பமோ போதும். கொழுப்பை மற்ற வேளைகளுக்கு நகர்த்துங்கள். நாள் முழுவதற்குமான மொத்தம் சரியாக இருந்தால் நேரம் இரண்டாம்பட்சம். ஓய்வு நாளில் மாச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டுவதும் அப்படித்தான், விரும்பினால் செய்யலாம், செய்யாவிட்டால் நட்டமில்லை.

தேங்காய்க் கொழுப்பு நல்லது என்கிறார்கள், கெட்டது என்கிறார்கள். கொழுப்பின் அளவு சரியாக இருந்தால் வகை முக்கியமா?

தசைக்கு முக்கியமில்லை, இரத்தக்குழாய்க்கு முக்கியம். தேங்காய்க் கொழுப்பில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்றது, அது இரத்தத்தில் எல்.டி.எல். கொலஸ்ட்ரோலைக் கூட்டும். நிறைவுற்ற கொழுப்பு மொத்தக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 2500 கலோரிக்கு அது 28 கிராம். மேலே நாம் கணக்குப் போட்ட நாளில் தேங்காய் மட்டுமே 40 கிராமுக்குமேல் கொடுத்துவிட்டது, முட்டையையும் பால்மாவையும் சேர்க்கவே இல்லை.

கொழுப்பு அடிமட்டத்தை நிரப்ப நல்லெண்ணெய், கச்சான், சூடை, சாளை போன்ற கொழுப்புள்ள சிறுமீன்கள் நல்ல தேர்வு. ஒமேகா-3 க்கு வாரத்தில் இரண்டு மூன்று முறை அந்த மீன் போதும். மாத்திரைக்குச் செலவழிக்கும் காசில் குருநகரில் நிறைய மீன் வாங்கலாம்.

அப்பாவுக்குச் சீனி வருத்தம், எனக்கும் எல்லையில் நிற்கிறது. இவ்வளவு மாச்சத்து சாப்பிடலாமா?

உங்களுக்கு மேலே சொன்ன வரம்பின் கீழ்ப்பக்கம் பொருந்தும். பாரம் தூக்குவதால் தசை இரத்தத்திலிருந்து சீனியை எடுத்துக்கொள்கிறது, அது உங்களுக்குச் சாதகம். ஆனாலும் மாச்சத்தைக் கிலோவுக்கு 3 கிராமுக்கு அருகில் வைத்து, சீனித் தேத்தண்ணி, பாண், வெள்ளைமாப் புட்டு ஆகியவற்றுக்குப் பதில் சிவப்பரிசி, குரக்கன், பயறு பக்கம் போங்கள். எடுத்த இடத்தைத் தேங்காயால் நிரப்பாமல் நல்லெண்ணெய், கச்சான், மீனால் நிரப்புங்கள். மூன்று மாதம் கழித்து எச்.பி.ஏ.1.சி. பார்த்தால் சரியா பிழையா என்று தெரியும்.

அப்பா இன்சுலினோ, சீனியை இறக்கும் குளிசையோ எடுப்பவராக இருந்து அவரும் உங்களோடு சாப்பாட்டை மாற்றப் போகிறார் என்றால், கிளினிக்கில் சொல்லாமல் மாற்ற வேண்டாம். மாச்சத்தைத் திடீரென்று பாதியாக்கி மருந்தை அப்படியே வைத்தால் சீனி அளவுக்குமேல் இறங்கி மயக்கம் வரலாம். மருந்தின் அளவை முதலில் வைத்தியர் திருத்தட்டும், சோற்றை அதற்குப் பிறகு குறைக்கலாம்.